கொழிஞ்சாம்பாறை இமீடியட் ஜாயினர்

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, மேலே இஸ்திரி போட்ட சட்டையும் கீழே லுங்கியுமாக ஒருவர் மொட்டைமாடியில் நின்று போனை வானத்துக்குக் காட்டிக்கொண்டிருந்தால், அவரைப் பார்த்துச் சிரித்துவிடாதீர்கள். அவர் பெங்களூரில் வேலை போய் ஊருக்கு வந்திருக்கிறார். ஊருக்கு அது தெரியாது. “ஏனுங் தம்பி, லீவுங்களா?” என்று கேட்டால், “வொர்க் ஃப்ரம் ஹோமுங்க” என்பார். கொரோனா போகும்போது அந்தப் பதிலை விட்டுவைத்துப் போனதற்காக நம்மவர் உள்ளுக்குள் கும்பிட்டுக்கொள்கிறார்.

அவருக்கு இப்போது ஒரே வேலை, ரெக்ரூட்டருக்கு மெசேஜ் எழுதுவது. பெங்களூரில் கோடு எழுதிய காலத்தில்கூட இவ்வளவு உழைத்திருக்க மாட்டார். கோயமுத்தூரில் ஆள் எடுத்துக் கொடுக்கும் கன்சல்டன்சி ஒன்றில் நான் சில வருடம் குப்பை கொட்டியவன் என்பது தெரிந்து, வரைவை என்னிடம் காட்டினார்.

“மரியாதைக்குரிய மேடம், தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன்” என்று ஆரம்பம். அடுத்த பத்தியில் உலகப் பொருளாதாரம். 2022 நவம்பரில் மெட்டா 11,000 பேரை அனுப்பியது, 2023 ஜனவரியில் கூகுள் 12,000 பேரை அனுப்பப்போவதாகச் சொன்னது, 2025 ஜூலையில் டி.சி.எஸ். தன் ஆட்களில் இரண்டு சதவீதம், கிட்டத்தட்ட 12,000 பேரைக் குறைக்கப்போவதாக அறிவித்தது எல்லாம் வரிசையாக வந்தன. தன்னையும் அந்தப் பட்டியலில் ஒருவராகச் சேர்த்துக்கொண்டால் கௌரவம் குறையாது என்று நினைத்திருக்கிறார். மூன்றாம் பத்தியில், ராத்திரி இரண்டு மணிக்கு சர்வர் விழுந்தபோது தான் எழுந்து தூக்கி நிறுத்திய வரலாறு. எந்த வேலை தெரியும், எப்போது வர முடியும் என்கிற இரண்டும் கடைசிப் பத்தியில், “வேண்டுமானால்” என்ற தொனியில்.

அந்த மேடத்துக்கு வயது இருபத்து மூன்று இருக்கும். கையில் ஒரு எக்செல் தாள் திறந்திருக்கும். மொத்த அனுபவம், தேவையான தொழில்நுட்பத்தில் அனுபவம், வாங்கும் சம்பளம், கேட்கும் சம்பளம், நோட்டீஸ் பீரியட், இருக்கும் ஊர், மாறுவதற்குக் காரணம் என்று கட்டங்கள். வரும் மெசேஜிலிருந்து அந்தக் கட்டங்களை நிரப்பி மேலே அனுப்புவதுதான் அவர் வேலை. பூட்டிய போன் திரையில் அவருக்குத் தெரிவது முதல் இரண்டு வரி. நம்மவரின் முதல் இரண்டு வரியில் மேடத்தின் குடும்ப க்ஷேமம்தான் இருக்கிறது. அதற்கு எக்செலில் கட்டம் கிடையாது.

“லேஆஃப்னு எப்படிங்க எழுதறது? கேட்டாலே பயந்துக்குவாங்களே” என்றார். யாரும் பயப்படுவதில்லை. சந்தேகம் வருவது சுற்றி வளைத்தால்தான். ஆனால் இவர் விஷயத்தில் ஒரு முடிச்சு இருந்தது. நம் ஊர்க் கம்பெனிகள் பல, ஆளை அனுப்பும்போது அவர் கையாலேயே ராஜினாமா எழுதி வாங்கிக்கொள்ளும். இவரிடமும் வாங்கிக்கொண்டார்கள். ரிலீவிங் லெட்டரில் ‘ராஜினாமா செய்தார்’ என்றுதான் வரும். மெசேஜில் லேஆஃப், காகிதத்தில் ராஜினாமா என்று இருந்தால், நாளை பின்னணி சரிபார்ப்பில் ஒருவர் புருவத்தைத் தூக்குவார். அதனால் “எங்கள் பிராஜெக்ட் மூடப்பட்டது, டீம் கலைக்கப்பட்டது, கம்பெனி கேட்டபடி ராஜினாமா கொடுத்து விலகுகிறேன்” என்று ஒரே வாக்கியம். நடந்ததும் அதுதான், காகிதத்தோடும் ஒத்துப்போகும். மேனேஜரைப் பற்றிய மூன்று வாக்கியங்களை நான் அடித்தபோது முகம் வாடிவிட்டது. அவை நன்றாகவே எழுதப்பட்டிருந்தன, ஒப்புக்கொள்கிறேன்.

அடுத்தது, எப்போது சேர முடியும் என்பது. வேலை போனவரிடம் இருக்கும் ஒரே சொத்து இதுதான். நம்மவர் அதைத்தான் வெட்கப்பட்டு மூலையில் ஒளித்துவைத்திருந்தார். நம் ஐ.டி. உலகில் நோட்டீஸ் பீரியட் பல இடங்களில் தொண்ணூறு நாள். வேலையில் இருப்பவரைத் தேர்ந்தெடுத்தால் மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். அதற்குள் அவர் அந்த ஆஃபரைக் காட்டி இன்னொரு இடத்தில் பேரம் பேசி, சேரும் நாளன்று போனை அணைத்துவிடுவார். அடிபட்ட ரெக்ரூட்டருக்கு ‘இமீடியட் ஜாயினர்’ என்ற சொல் தேன். ஆனால் அதை உண்மையாகச் சொல்ல வேண்டும். நம்மவருக்குக் கடைசி வேலை நாள் இந்த மாதம் 30. அதுவரை சம்பளப் பட்டியலில் பெயர் இருக்கிறது. இன்றே வருகிறேன் என்று சேர்ந்துவிட்டால், பி.எஃப். கணக்கில் இரண்டு கம்பெனியும் ஒரே மாதத்தில் பல்லிளிக்கும், சரிபார்ப்பவர்கள் யு.ஏ.என். எண்ணைப் போட்டு முதலில் பார்ப்பதே அதைத்தான். ஆகவே “30 கடைசி நாள், அடுத்த மாதம் 1 முதல் சேரலாம்” என்று தேதியோடு எழுதச் சொன்னேன்.

பிறகு ஊர். இங்கேதான் எல்லைக்காரனின் தலைவிதி. பாலக்காடு என்று எழுதினால் கோயமுத்தூர் ரெக்ரூட்டர், “கேரளாவிலிருந்து இடம் மாறி வருவாரா?” என்று யோசிப்பார். கொச்சி ரெக்ரூட்டரோ இவர் மலையாளத்தைக் கேட்டுவிட்டு, “நிங்ஙள் கோயம்பத்தூராணோ?” என்பார். ரேஷன் கார்டு கேரளம், சினிமா கோயமுத்தூர், கல்யாணத் துணி பொள்ளாச்சி என்று வாழ்கிறவர் அந்தக் கட்டத்தில் என்ன எழுதுவார்? நம்மவர் ‘தென்னிந்தியா’ என்று எழுதியிருந்தார். நான் “கொழிஞ்சாம்பாறை; கோவைக்குத் தினமும் வந்து போவேன், கொச்சிக்கும் பெங்களூருக்கும் குடிபெயரத் தயார்” என்று மாற்றினேன்.

இத்தனையையும் திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார் நம்மவரின் மாமியார். வண்டிப்பெரியாரிலிருந்து வந்திருந்தவர். 2000 வாக்கில் பீருமேட்டில் தேயிலைத் தோட்டங்கள் மூடிக் கிடந்தபோது கொழுந்துக் கூடையைக் கழற்றி வைத்துவிட்டு, ஏலக்காட்டுக்குப் போனவர். “தோட்டம் பூட்டிட்டாங்க, கவாத்தும் தெரியும், களையும் எடுப்பேன், நாளைக்கே வாறேன்னுதான் கங்காணிகிட்ட சொன்னேன். மாப்பிள்ளை என்னத்த இம்புட்டு எழுதுறாரு?” என்றார். காரணம், தெரிந்த வேலை, வரும் நாள், மூன்றும் அதில் இருந்தன. நான் வாயை மூடிக்கொண்டேன்.

கடைசியில் போன மெசேஜ் ஆங்கிலத்தில். தமிழில் சொன்னால் இவ்வளவுதான்:

“வணக்கம். ஜாவா பேக்எண்ட், 9 வருட அனுபவம். நீங்கள் போட்டிருந்த சீனியர் டெவலப்பர் இடத்துக்காக எழுதுகிறேன். பிராஜெக்ட் மூடப்பட்டு டீம் கலைந்ததால், கம்பெனி கேட்டபடி ராஜினாமா கொடுத்து விலகுகிறேன். கடைசி நாள் 30. அடுத்த மாதம் 1 முதல் சேரலாம். வாங்கும் சம்பளம் வருடத்துக்கு 18 லட்சம். இருப்பது கொழிஞ்சாம்பாறை, கோவைக்குத் தினமும் வந்து போவேன், கொச்சிக்கும் பெங்களூருக்கும் குடிபெயரத் தயார். ரெஸ்யூமே இணைத்துள்ளேன். பேச வசதியான நேரம் மாலை 4 முதல் 6.”

அனுப்பும் முன், “கீழே ‘என்றும் நன்றியுடன், தங்கள் உண்மையுள்ள’ன்னு ஒரு வரி போட்டுக்கட்டுங்களா?” என்று கெஞ்சினார். கூடாது என்றேன். நான் காபி குடிக்க உள்ளே போன நேரத்தில் போட்டுவிட்டார்.

மறுநாளே பதில் வந்தது: “கேட்கும் சம்பளம் எவ்வளவு?” நம்மவர் இப்போது அதற்கு இரண்டு பக்கத்தில் பதில் எழுதிக்கொண்டிருக்கிறார். வீட்டுக் கடன், விலைவாசி எல்லாம் அதில் வருகின்றன.

இதைப் படிப்பவர்களில் ரெக்ரூட்டர் யாராவது இருந்தால், அந்தப் பதிலுக்குக் காத்திருக்காமல் நேராகக் கூப்பிட்டுவிடுங்கள். மாலை நாலுக்கு மேல், ஆறுக்குள். அப்போதுதான் அவர் மாடியில் சிக்னலும் இருக்கும், வெயிலும் இறங்கியிருக்கும்.