வீட்டுக்கு ஒரே சூரியன்

கே: வீட்டு எலிவேஷன் படத்தில் பால்கனியையும் கேட்டையும் ஏஐ கருவியில் தனித்தனியாக மாற்றினேன். தனியாகப் பார்த்தால் இரண்டும் அழகு. சேர்த்து ஒட்டியதும் ஏதோ உறுத்துகிறதே? (திருச்சி வாசகர்)

ப: உங்கள் வீட்டுக்கு இரண்டு சூரியன் உதித்துவிட்டது! மாஸ்க் போட்டு ஒரு பகுதியை மாற்றும்போது, பல கருவிகள் அந்த இடத்தையும் அதன் ஓரத்தையும் மட்டும் வெட்டியெடுத்து வரைகின்றன. வாசல் சன்ஷேடின் நிழல் அந்தக் கட்டத்துக்குள் வரவில்லையென்றால், வெயில் எந்தப் பக்கம் என்று கருவிக்குத் தெரிய வழியில்லை. தோன்றிய பக்கம் நிழலைப் போட்டுவிடும். மாஸ்க் சிறிதாகவே இருக்கட்டும். வெட்டும் கட்டத்தை மட்டும் பெரிதாக்கி, பழைய நிழல் ஒன்றாவது உள்ளே வரும்படி வையுங்கள். பல சமயம் இதிலேயே தீர்ந்துவிடும்.

கே: தீரவில்லையென்றால்? எது சரியான திசை என்று எப்படிக் கண்டுபிடிப்பது? (கோவை வாசகர்)

ப: மாற்றாத பகுதியிடம் கேளுங்கள். சன்ஷேடின் பக்க விளிம்பு சுவரைத் தொடும் மூலையைப் பாருங்கள். அங்கிருந்து சுவரில் ஒரு சாய்கோடாக நிழல் இறங்கும். அதுதான் உங்கள் திசைகாட்டி. வெயில் இடப்பக்கம் இருந்து வந்தால் கோடு வலப்பக்கம் சாய்ந்து இறங்கும்; சன்ஷேடின் வலது முனையைத் தாண்டியும் நிழல் கொஞ்சம் நீளும். ஒரே சுவரில் உள்ள இத்தகைய சாய்கோடுகள் எல்லாம் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். பால்கனியின் கோடு எதிர்ப்பக்கம் சாய்ந்தால் குற்றவாளி அதுதான். படம் கோணலாக எடுக்கப்பட்டிருந்தால், சுவரை நேர்ப்பார்வைக்கு நிமிர்த்திக்கொண்டு அளவெடுங்கள்.

கே: திசை புரிகிறது. நிழலின் நீளம்? (மதுரை வாசகர்)

ப: எவ்வளவு வெளியே நீட்டியிருக்கிறதோ, அதற்கேற்ற நீளம். 2 அடி சன்ஷேடின் சாய்கோடு, படத்தில் 40 பிக்சல் வலப்பக்கமும் 60 பிக்சல் கீழும் போகிறது என்று வையுங்கள். அதே சுவரில் 4 அடி பால்கனிக்கு 80 வலப்பக்கம், 120 கீழே. அந்தப் புள்ளியைக் குறித்து, பால்கனியின் முன் விளிம்புக்கு இணையாக அங்கிருந்து ஒரு கோடு இழுத்தால் நிழலின் கீழ் எல்லை கிடைத்துவிடும்.

கே: தப்பான நிழலை அழித்துச் சரியானதைப் போடும் வரிசையைச் சொல்லுங்கள். (சேலம் வாசகர்)

ப: முதலில், ஒட்டிய பகுதியிலுள்ள தப்பான நிழலை மட்டும் மாஸ்க் செய்து வெயில் பட்ட வெறும் சுவராக மாற்றுங்கள். அதன்மேல் புதிய லேயர் திறந்து, மல்டிப்ளை முறையில் வைத்து, அளந்து குறித்த வடிவத்தை நிரப்புங்கள். சுத்தக் கறுப்பு வேண்டாம். நிழலுக்குள் பெரும்பாலும் வானத்து வெளிச்சமே விழுவதால் சற்று நீலம் ஓடும். பக்கத்து அசல் நிழலோடு ஒப்பிட்டு நிறத்தையும் அடர்த்தியையும் பொருத்துங்கள். விளிம்பை அதிகம் மழுக்காதீர்கள்: பளிச்சென்ற வெயிலில், 1 மீட்டர் தள்ளியிருக்கும் பொருளின் நிழல் விளிம்பு சுமார் 1 செ.மீ. அகலத்துக்குத்தான் மங்கும்.

முக்கியமான ஒன்று: புது நிழல் பழைய நிழல்மேல் ஏறினால் அந்த இடம் இரட்டிப்பாகக் கறுத்துவிடும். ஒரு முறை மறைந்த வெயில் மறுமுறை மறையாது. அந்த இடத்தில் புது நிழலை மாஸ்க்கால் மறைத்துவிடுங்கள்.

கே: இவ்வளவு வேலை எதற்கு? ஓரத்தை மழுக்கிவிட்டு, முழுப் படத்தையும் ஏஐ-யில் லேசாக ஒருமுறை ஓட்டினால் போதாதா? (சென்னை வாசகர்)

ப: போதாது. மழுக்கினால் ஒட்டு மறையும், திசை மாறாது. டீநாய்சிங் 0.2, 0.3 என்று குறைவாக வைத்து ஓட்டினால் நிறமும் மேற்பரப்பும் இணங்கும். இருக்கிற நிழலை அது அப்படியே காப்பாற்றும், தப்பானதையும் சேர்த்து! கூட்டி வைத்தால் ஜன்னல் கம்பியே மாறிப்போகும். கையால் நிழலைத் திருத்திய பிறகு குறைந்த அளவில் ஓட்டுங்கள். அப்போது சரியான நிழல் காப்பாற்றப்படும்.

கே: ஒட்டிய துண்டை இடவலமாகத் திருப்பிப் போட்டால்? (ஈரோடு வாசகர்)

ப: பால்கனி சமச்சீராகவும் படம் நேர்ப்பார்வையாகவும் இருந்து, எழுத்து எதுவும் இல்லை என்றால் தாராளமாகச் செய்யலாம். ஆனால் திருப்பினால் பக்கம் மட்டுமே மாறும், நீளம் மாறாது, அளந்து பாருங்கள்.

கே: எப்போது திருத்துவதை விட்டுவிட்டுப் புதிதாக உருவாக்க வேண்டும்? (நாகர்கோவில் வாசகர்)

ப: உருண்டைத் தூணைப் பாருங்கள். வெயில் இடப்பக்கமாக இருக்க, தூணின் வலப்பக்கம் பளபளத்தால், விழுந்த நிழலைத் திருத்திப் பயனில்லை. பொருளின் உடம்பிலேயே தப்பான வெளிச்சம் ஏறிவிட்டது. அந்தத் துண்டை நீக்கிவிட்டு, அசல் நிழல் உள்ளே வரும் பெரிய கட்டத்தோடு மறுபடி உருவாக்குங்கள். தட்டையான சுவரில் விழுந்த நிழல் மட்டும் பிசகியிருந்தால், மேலே சொன்ன அளவும் ஒரு லேயரும் போதும்.