முழுக் கோடும் முழுப் பட்டினியும்

லாட்ஜ் அறையில் வைஃபை அடையாளம் முழுக் கோடுகளோடு மின்னும். அடியில் மட்டும் ‘இன்டர்நெட் இல்லை’ என்று ஒரு வரி. கோடுகள் காட்டுவது, சுவரில் தொங்கும் பெட்டியோடு உங்களுக்குள்ள நெருக்கத்தை. பெட்டிக்கு வெளியுலகத்தோடு பேச்சுவார்த்தை உண்டா என்பது வேறு விவகாரம்.

ஆண்ட்ராய்டு போன் பிறவிச் சந்தேகப்பிராணி. சேர்ந்ததுமே கூகுளின் ஒரு முகவரியைத் தட்டிப் பார்க்கும். 204 என்ற வெற்றுப் பதில் வந்தால் நிம்மதி. வேறு பக்கத்துக்குத் திருப்பிவிடப்பட்டால், நடுவில் யாரோ நிற்கிறார்கள் என்று புரிந்து லாகின் பக்கத்தை நீட்டும். அங்கே அறை எண்ணும் பெயரும் காணிக்கை.

அந்தப் பக்கமே வராவிட்டால்? நீங்கள் திறக்கும் தளங்கள் பெரும்பாலும் https. அவற்றை நடுவழியில் ஓசையின்றித் திருப்ப லாட்ஜால் முடியாது. எனவே பூட்டில்லாத http://neverssl.com என்று தட்டுங்கள், வாயிற்காவலர் வெளிப்படுவார். அதற்கும் அசையாவிட்டால், அமைப்புகளில் Private DNS பாருங்கள். அங்கே குறிப்பிட்ட சர்வர் பெயர் இருந்தால் போன் அதனிடம்தான் முகவரி கேட்பேன் என்று அடம்பிடிக்கும். லாட்ஜோ லாகின் முடியும்வரை அந்த வழியையே அடைத்திருக்கும். சற்று அணைத்து, நுழைந்தபின் மீண்டும் போடுங்கள்.

வீட்டில் இதே கூத்தென்றால் ரூட்டர் பக்கத்தில் WAN முகவரியைப் பாருங்கள். 0.0.0.0 என்றிருந்தால் ரூட்டருக்கே இணைப்பு கிடைக்கவில்லை. போனை எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் பேட்டரிக்குத்தான் உடற்பயிற்சி.