புயல் போஸ்டரும் மழை வீடியோவும்

சி.பி. ராமசாமி சாலைப் பெட்டிக்கடையில் அந்தக் காலத்தில் மாலைப் பத்திரிகைக் கட்டு வந்ததும் முதலில் தொங்குவது அதன் போஸ்டர்தான். ஐப்பசி பிறந்துவிட்டால் அதில் புயல் இருக்கும். ‘சென்னையைத் தாக்குமா?’ என்று கொட்டை எழுத்தில் கேட்டிருப்பார்கள். வாங்கிப் பிரித்தால், புயல் ஆந்திரக் கரையை நோக்கிப் போகிறது என்று உள்ளே ஒரு வரி. கடைக்காரர் அப்பாவிடம் முன்னாலேயே சொல்லிவிடுவார்: "சார், அது நெல்லூர் பக்கம் போவுதாம். வேணும்னா வாங்கிக்கோங்க." நாளைக்கும் அப்பா அதே கடைக்குத்தான் வருவார் என்பது அவருக்குத் தெரியும். பத்திரிகைக்கோ எத்தனை பிரதி விற்றது என்பது மட்டுமே தெரியும். வாசகர் எந்த வரியில் மடித்துப் போட்டார் என்பதை அறிய வழியில்லை.

இன்று வழி இருக்கிறது. என் அக்கா மகன் அபிராமபுரத்து மொட்டைமாடியில் மழைமானி வைத்துக்கொண்டு, யூடியூபில் மழை நிலவரம் சொல்கிறான். ஒருநாள் இரண்டு வீடியோக்களின் கோடுகளைக் காட்டினான். பார்க்க வந்தவர்களில் எத்தனை சதவீதம் பேர் எந்த நொடிவரை இருந்தார்கள் என்று காட்டும் கோடு அது. முதல் வீடியோவின் தலைப்பு, ‘சென்னைக்கு ரெட் அலர்ட்?’. உள்ளே அவன் சொன்னதோ ரெட் அலர்ட் இல்லை என்று. கோடு முதல் அரை நிமிடத்துக்குள் செங்குத்தாக விழுந்திருந்தது.

"கூட்டம் வந்துச்சு சித்தி, நிக்கலை" என்றான்.

இரண்டாவதன் தலைப்பு, ‘வெள்ளிக்கிழமை மழை: வடசென்னைக்கா, தென்சென்னைக்கா?’. அதிலும் கேள்விதான், அதிலும் ஆவலைத் தூண்டுவதுதான். ஆனால் அந்தக் கேள்விக்கான பதில் வீடியோவில் இருந்தது, தொடக்கத்திலேயே இருந்தது. மீதி நேரம் ஏன் அப்படி என்ற விளக்கம். கோடு சற்றே இறங்கி, பிறகு கிட்டத்தட்டப் படுக்கையாகப் போயிற்று.

ஏமாற்றுத் தலைப்பு நஷ்டம் என்பதைக் கணக்காகவே பார்க்கலாம். உதாரணத்துக்கு, பத்து நிமிட வீடியோ ஒன்று ஆயிரம் பேர் கண்ணில் படுகிறது. அலறும் தலைப்புக்கு 100 பேர் வந்து ஆளுக்கு ஒரு நிமிடம் பார்த்தால் மொத்தம் 100 நிமிடம். நேர்மையான தலைப்புக்கு 50 பேரே வந்து ஆளுக்கு ஐந்து நிமிடம் இருந்தால் 250 நிமிடம். யூடியூப் 2012லேயே எத்தனை பேர் திறந்தார்கள் என்பதைவிட எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பதற்கு முக்கியத்துவம் கொடுக்கத் தொடங்கிவிட்டது. ஒரே வீடியோவுக்குப் பல முகப்புப் படங்களை வைத்துச் சோதிக்கும் வசதியிலும் எது வென்றது என்பதை அது பார்த்த நேரத்தை வைத்தே முடிவுசெய்கிறது.

எல்லா வீழ்ச்சிக்கும் தலைப்பையே குற்றம் சொல்லவும் கூடாது. முதல் அரை நிமிடத்தில் எந்த வீடியோவிலும் சிலர் போய்விடுவார்கள். வணக்கம், பெல் பட்டன், போன வார வீடியோ என்று இழுத்தாலும் போய்விடுவார்கள். ஆகவே தன்னுடைய, ஏறக்குறைய அதே நீளமுள்ள மற்ற வீடியோக்களோடு ஒப்பிட வேண்டும். முன்னுரை ஒரே மாதிரி இருந்தும் ஒன்று மட்டும் பாதாளத்துக்குப் போயிருந்தால் சந்தேகம் தலைப்பின்மேல் விழும். நடுவில் கோடு திடீரென்று மேட்டில் ஏறினால், பலர் அந்த இடத்துக்குத் தாவியிருக்கிறார்கள் அல்லது திரும்பப் பார்த்திருக்கிறார்கள். பெரும்பாலும் அங்கேதான் பதில் ஒளிந்திருக்கும். அக்கா மகன் அந்தத் துண்டை முன்னால் கொண்டுவரப் பழகிக்கொண்டான். அதுதான் சரி.

கோட்டில் தெரியாத நஷ்டம் ஒன்று உண்டு. எனக்கு அதுதான் பெரியது. வானிலை ஆய்வு மையம் சிவப்பு எச்சரிக்கை விடுவது வழக்கமாக 24 மணி நேரத்தில் 20 செ.மீ.க்கு மேல் மழை கொட்டலாம் என்னும்போது. மஞ்சள் என்றால் கவனித்துக்கொண்டிரு, ஆரஞ்சு என்றால் தயாராயிரு, சிவப்பு என்றால் உடனே செயல்படு. 2015 டிசம்பரில் அடையாறு கரை புரண்டு கோட்டூர்புரத்துக்குள் புகுந்ததைப் பார்த்த ஊர் இது. 2024 அக்டோபரில் சிவப்பு எச்சரிக்கை என்றதும் வேளச்சேரி மேம்பாலத்தில் கார்களை வரிசையாக நிறுத்திவிட்டார்கள். அந்த முறை பயந்த அளவுக்குப் பெய்யவில்லை. கணிப்பு தவறுவது இயல்பு, அதை மக்கள் பொறுத்துக்கொள்வார்கள். எச்சரிக்கையே இல்லாத நாளில் சிவப்பைத் தலைப்பில் தடவுவது வேறு வகை. எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் இப்போது எந்த மழைச் செய்தியையும் திறப்பதில்லை. "தினமும்தான் ரெட் அலர்ட்டுங்கறான்" என்கிறார். தரைத்தளத்தில் குடியிருப்பவர் அவர்.

தலைப்பில் ஒன்றைச் சொல்லி உள்ளே அது இல்லாத செய்தி வீடியோக்களை, இந்தியாவில் கூடுதல் கண்டிப்போடு நீக்கப்போவதாக 2024 டிசம்பரில் யூடியூப் அறிவித்தது. நல்லதுதான். ஆனால் பக்கத்து மாவட்டத்து மழையைச் சென்னை மழையாக்கும் ஒவ்வொரு சின்னத் தலைப்பையும் எந்த நிறுவனமும் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க முடியாது. எனவே மழை வீடியோ போடுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: தலைப்பில் தேதியையும் ஊரையும் போடுங்கள், வானிலை மையம் சிவப்பு என்று சொன்ன நாளில் மட்டும் சிவப்பு என்று எழுதுங்கள்.