மேலே சொன்ன மூன்றாவது

மளிகைக் கடையில் ஞாயிறு இரவு ஏழு மணிக் கூட்டத்தை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதில் முண்டியடித்து முன்னால் போய் நின்றபோது மனைவியிடமிருந்து வாட்ஸ்அப்பில் செய்தி: "மேலே சொன்னதுல மூணாவதை விட்டுடுங்க. கடைசி ரெண்டையும் டபுளா வாங்கிடுங்க."

மேலே தள்ளிப் பார்த்தேன். மேலே ஒன்றுமே இல்லை.

காரணகர்த்தா நான்தான். தொப்பை குறைக்கும் வீடியோக்களாக அவள் அனுப்பித் தள்ள, போன வாரம் எங்கள் சாட்டில் 'மறையும் செய்திகள்' வசதியை 24 மணி நேரத்துக்கு வைத்துவிட்டேன். ஏழு நாள், தொண்ணூறு நாள் என்றெல்லாம் இருக்கத்தான் செய்தது. என் தொப்பைக்கு அவ்வளவு பொறுமையில்லை. இந்த வசதி தொப்பை வேறு, துவரம்பருப்பு வேறு என்று பிரித்துப் பார்க்காது. வைத்த நேரத்துக்குப் பிறகு வருகிற எல்லாவற்றையும் கெடு முடிந்ததும் துடைத்துவிடும், அதுவும் இரண்டு பேர் போனிலும். சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு அனுப்பிய பட்டியல், நான் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோதே போய்ச் சேர்ந்திருந்தது.

ஒரே ஒரு நூல் மிச்சம். ஞாயிறு மதியம் அந்தப் பட்டியலையே இழுத்துப் பிடித்து, அதற்குப் பதிலாக "சரி" என்று போட்டிருந்தேன். என் "சரி"க்கு இன்னும் ஆயுசு இருந்தது. அதன் தலையில் அவள் செய்தியின் மேற்கோளும் ஒட்டிக்கொண்டிருந்தது. ஆனால் மேற்கோளில் தலைப்பகுதிதானே தெரியும்? துவரம்பருப்பு ஒரு கிலோ, உளுந்து அரை கிலோ, அப்புறம் மூன்று புள்ளி. தட்டினால் மூலச் செய்திக்குப் போகும் என்பார்கள். மூலம் இருந்தால்தானே போவதற்கு!

போன் போட்டேன். "மூணாவது எதும்மா?"

"மேலதான் இருக்கே. கண்ணாடி போட்டுண்டு பாருங்க." வைத்துவிட்டாள்.

"என்ன சார் வேணும்?" என்றார் கடைக்காரர். மூன்றாவதை விட வேண்டும், கடைசி இரண்டும் இரட்டிப்பாக வேண்டும் என்றேன். அவர் எனக்குப் பின்னால் நின்ற அம்மாளைக் கவனிக்கப் போனார்.

கடைசியில் துவரம்பருப்பு, உளுந்து, ஒரு தைரியத்தில் கால் கிலோ கசகசா. அவள் பையைக் கவிழ்த்துப் பார்த்தாள். கசகசாவின் விலையையும் பார்த்தாள். "நான் என்ன எழுதினேன்னு காட்டறேன் பாருங்க" என்று போனை எடுத்து விரலால் மேலே, மேலே, மேலே தள்ளினாள். வீடியோ இல்லை, பட்டியல் இல்லை. சாட்டின் நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு அறிவிப்பு மட்டும் பத்திரமாக இருந்தது: மறையும் செய்திகளை இயக்கியது யார் என்று, என் பெயர் போட்டு.

அன்றிலிருந்து வீட்டில் எல்லாக் குழம்பிலும் கசகசா.