ஐந்து படி, பதினேழு வளைவு

ஏலத்தோட்ட முதலாளிகளுக்கு ஆபிரகாம் மாஸ்லோவைத் தெரியாது என்று யாரும் குறைத்து எடை போட வேண்டாம். அமெரிக்க உளவியலாளரான அவர் 1943-இல் ஒரு கட்டுரை எழுதினார். மனிதனுக்கு முதலில் சோறு, தண்ணீர், தூக்கம், அடுத்து பாதுகாப்பு, அப்புறம் உறவும் அன்பும், அதற்கு மேல் மரியாதை, எல்லாவற்றுக்கும் உச்சியில், தன்னால் என்னவாக முடியுமோ அதுவாக ஆவது. ஐந்து தேவைகள், ஒன்றின் மேல் ஒன்று. போடிநாயக்கனூரில் இதை யாரும் படிக்க வேண்டிய அவசியமே இல்லை. கரைத்துக் குடித்திருக்கிறார்கள்.

கூலியில் ஐம்பது ரூபாய் ஏற்றிக் கேட்டுப் பாருங்கள். “என்னம்மா, காசு மட்டுந்தானா வாழ்க்கை? நாமெல்லாம் ஒரே குடும்பமா இருக்கோம்ல?” என்று மூன்றாம் படியிலிருந்து பதில் வரும். சரி, குடும்பம்தானே என்று நம்பி, “பொம்பளைக ஒதுங்க ஒரு மறைப்புக் கட்டிக் குடுங்க” என்று கேட்டால், “மொதல்ல வகுத்துப்பாட்டப் பாருங்கம்மா, மத்ததெல்லாம் அப்பறம்” என்று முதல் படிக்கு இறக்கி விடுவார்கள். சோற்றைக் கேட்டால் பாசம் கிடைக்கும்; மானத்தைக் கேட்டால் சோற்றைக் காட்டுவார்கள். ஐந்து படிக்கும் ஆள் ஏறி இறங்குவாளே தவிர, எந்தப் படியிலும் அவளுக்கு எதுவும் கிடைக்காது. குடும்பம் என்கிறார்களே என்று ஒரு பெரியம்மா கேட்டார்: “குடும்பம்னா சொத்துல பங்கு உண்டா மொதலாளி?” அன்றிலிருந்து அந்தத் தோட்டத்தில் குடும்பப் பேச்சு கொஞ்சம் குறைந்திருக்கிறதாம்.

மலைக்குப் போகிற ஒருத்தியின் ஒரு நாளை எடுத்துக்கொள்வோம். விடியுமுன்னே எழுந்து சோறாக்கி, பிள்ளைக்கு எடுத்து வைத்து, தூக்குவாளியோடு தெருமுனையில் நிற்க வேண்டும். ஐந்தரைக்கு ஜீப். எட்டு ஒன்பது பேர் உட்காரும் ஜீப்பில் பதினைந்து, பதினாறு பேர். போடியிலிருந்து போடிமெட்டு ஏற 17 கொண்டை ஊசி வளைவுகள். மேலே ஏறினால் கேரளம். பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலை என்று தோட்டம் தோட்டமாக இறக்கிவிடுவார்கள். எட்டு மணிக்கு வேலை தொடங்கும். ஏலச்செடியின் தூரில், மண்ணோடு மண்ணாகக் கிடக்கிற சரத்தில்தான் காய் இருக்கும். அதனால் குனிந்தோ குத்தவைத்தோதான் எடுக்க வேண்டும். முற்றியதை மட்டும் பார்த்து எடுக்க வேண்டும், பிஞ்சைத் தொட்டால் ஏச்சு. மழையும் அட்டையும் தனி. வேலை முடிந்து மறுபடி ஜீப், மறுபடி வளைவு. வீடு சேர ஏழு மணி. கூலி 450 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டு மணி நேர வேலைக்கு வகுத்தால் மணிக்கு 56 ரூபாய் வரும். வீட்டை விட்டு வீடு சேரும் பதின்மூன்றரை மணி நேரத்துக்கு வகுத்தால் 33 ரூபாய். இந்த இரண்டு கணக்கில் முதலாளியின் நோட்டில் முதலாவது மட்டுமே இருக்கும். அவளுடைய உடம்பில் இருப்பது இரண்டாவது.

இப்போது மாஸ்லோவை வைத்துக்கொண்டு அந்த ஜீப்புக்குள் ஏறுவோம். பயிற்சி வகுப்பு எடுக்க மதுரையிலிருந்தோ கொச்சியிலிருந்தோ வரும் நிபுணருக்கு அந்தப் பதினாறு பேரும் ஒரே படிதான்: “கூலித் தொழிலாளர், அடிப்படைத் தேவை.” திரையில் முக்கோணத்தைப் போட்டு அடிப்பட்டையில் ஒரு சோற்றுத் தட்டுப் படத்தை ஒட்டிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விடுவார். ஆனால் ஜீப்பில் முன்சீட்டு ஓரம் உட்கார்ந்திருக்கும் விதவைக்கு வேண்டியது, சனிக்கிழமை கூலி சனிக்கிழமையே கையில் விழுவது. அடுத்த வாரம் சேர்த்துத் தருகிறேன் என்ற பேச்சு அவளுக்கு ஆகாது. பக்கத்தில் இருப்பவளுக்குப் பள்ளிக்கூடம் போகிற பெண் பிள்ளை. அவளுக்குக் கூலியைவிட முக்கியம், இருட்டுமுன் வீடு சேர்வது. பின்னால் தொங்கிக்கொண்டு வரும் இளவட்டம் மருந்தடிக்கப் போகிறான். மூக்கில் கட்டிக்கொள்ளத் துண்டைத் தவிர வேறு எதுவும் இல்லை, அதைப் பற்றிக் கேட்டால் “பழகிப்போச்சுண்ணே” என்பான், ஆனால் மாலையில் தலை சுற்றுவதைப் பற்றித் தனியாகச் சொல்வான். நடுவில் நசுங்கி உட்கார்ந்திருக்கும் நாலு பேருக்கு, இந்த ஜீப்பில் வர அந்த நாலு பேர்தான் காரணம். ஒருத்தி ஜீப் மாறினால் நாலு பேரும் மாறுவார்கள்.

தோட்டத்திலேயே தங்கி வேலை பார்க்கும் ஜார்க்கண்ட், அசாம் பிள்ளைகளுக்கு வேண்டியது வேறு: செல்போன் டவர் எடுக்கிற ஒரு மேடு, ஊருக்குப் பணம் போடப் போகிற ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஏலக்காய் ஸ்டோரில் ராத்திரி முழுக்க உலைக்குச் சூடு பார்க்கிறவருக்குத் தூக்கம். சூடு குறைந்தால் காய் வெளுக்கும், ஏறினால் வெடிக்கும். ஐந்து கிலோ பச்சைக்காய் ஒரு கிலோவாகச் சுருங்கும் வரை அவர் கண் மூடக்கூடாது. தோட்டத்தின் வருடப் பணமே அவருடைய கண்ணில் நிற்கிறது, காலையில் அவரைக் கூப்பிடுவது “டேய்”.

போடி கோடவுனில் காய் பிரிக்கிற பெண்களைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். சல்லடை அளவைப் பிரித்துவிடும். எட்டு மில்லிமீட்டருக்கு மேலே ஒரு ரகம், ஏழிலிருந்து எட்டு இன்னொரு ரகம். ஆனால் வெடிப்பும் வெளுப்பும் பூச்சி கடித்த தழும்பும் சல்லடைக்குத் தெரியாது. அதைப் பிரிப்பது தரையில் உட்கார்ந்திருக்கும் அந்தப் பெண்களின் கண். ஒரே பச்சை என்று நமக்குத் தெரிவதில் அவர்கள் மூன்று பச்சையைப் பார்ப்பார்கள். அந்த மூன்று பச்சைக்கும் மூன்று விலை. மாஸ்லோவின் உச்சிப்படியில் இருப்பதாகச் சொல்லப்படும் அந்தத் திறமை, இங்கே கூரைத் தகரச் சூட்டில் முட்டி மடக்கி உட்கார்ந்திருக்கிறது. அதை எடைக்கு இவ்வளவு என்று வாங்குகிறார்கள். அவர்களில் ஒருத்தி கேட்டது திறமைப் பட்டம் அல்ல, சாய்ந்து உட்கார ஒரு முக்காலி. அது எந்தப் படியில் வரும் என்று நிபுணர்கள் யோசிக்கட்டும்.

மாஸ்லோவைத் திட்டுவதில் எனக்கு முழு விருப்பம் இல்லை. அந்த முக்கோணத்தை அவர் வரையவே இல்லை; பின்னால் வந்த மேலாண்மைக்காரர்கள் 1960 வாக்கில் வரைந்து அவர் தலையில் கட்டினார்கள். ஒரு தேவை முழுசாக நிறைந்த பிறகுதான் அடுத்தது பிறக்கும் என்றும் அவர் சொல்லவில்லை. ஒரு பேச்சுக்கு, வயிறு 85 விழுக்காடு, பாதுகாப்பு 70, அன்பு 50, மரியாதை 40, உச்சி 10 நிறைந்தவன்தான் சராசரி மனிதன் என்று எழுதினார். அதாவது எல்லாப் பசியும் ஒரே நேரத்தில் இருக்கும். சிலருக்கு மரியாதை அன்புக்கு முன்னால் வரும் என்பதையும் அதே கட்டுரையில் ஒப்புக்கொண்டார். படம் வரைந்தவர்கள் அந்தப் பக்கங்களை மட்டும் விட்டுவிட்டார்கள். விட்டதில் லாபம் இருக்கிறது: ஏழைக்கு மரியாதை இன்னும் பிறக்கவில்லை என்று ஆகிவிட்டால், அதற்குச் செலவு வைக்க வேண்டியதில்லை.

அதே சாலையில் இன்னும் மேலே போனால் மூணாறு. அங்கே கண்ணன் தேவன் தேயிலை நிறுவனத்தில் டாடா விலகிய பிறகு, 2005-இல் தொழிலாளர்களையே பங்குதாரர் ஆக்கினார்கள். நீயே முதலாளி! உச்சிப்படிக்கு இதைவிட நேர்த்தியான ஏணி உலகத்தில் இருக்காது. பத்து வருஷம் கழித்து, 2015 செப்டம்பரில், அந்த முதலாளியம்மாக்களின் நாள் கூலி 232 ரூபாய். போனஸை 10 விழுக்காடாக வெட்டியிருந்தார்கள். லயத்தில் ஒற்றை அறையில் குடியிருந்த தமிழ்ப் பெண்கள் ஆயிரக்கணக்கில் மூணாறு சாலையில் உட்கார்ந்தார்கள். 20 விழுக்காடு போனஸ், 500 ரூபாய் கூலி கேட்டார்கள். அதோடு நிற்கவில்லை: பேச வந்த தொழிற்சங்க ஆண் தலைவர்களைத் துரத்தினார்கள், எங்களுக்கு நாங்களே பேசிக்கொள்கிறோம் என்றார்கள். பெம்பிளை ஒருமை என்று பெயர். போனஸ் முதல் படி, துரத்தியது நாலாம் படி. எதை முதலில் செய்வது என்று அவர்கள் எந்த நிபுணரையும் கேட்கவில்லை. ஒரே உட்காரலில் இரண்டும் நடந்தது. 20 விழுக்காடு வாங்கினார்கள். கூலி 500 ஆகவில்லை. அந்த வருஷக் கடைசியில் நடந்த உள்ளாட்சித் தேர்தலில் நின்று சில இடங்களைப் பிடிக்கவும் செய்தார்கள். பாதுகாப்பு என்ற இரண்டாம் படி மட்டும் வரவில்லை: 2020 ஆகஸ்ட் 6 இரவு அதே நிறுவனத்தின் பெட்டிமுடி லயங்கள் மண்சரிவில் போயின, 70 பேர். பங்குப் பத்திரத்தை யார் தேடினார்களோ தெரியாது.

ஏலக்காய்க்காரர்கள் ‘ஆள் கிடைக்கல’ என்று ஒப்பாரி வைக்கிறார்கள். 2019 ஆகஸ்டில் புத்தடி ஏலத்தில் கிலோ 7,000 ரூபாய் வரை போனபோது இந்த ஒப்பாரி கொஞ்சம் இனிமையாகக் கேட்டது. ஆளுக்கு என்ன வேண்டும் என்று தெரிந்துகொள்ளக் கேள்வித்தாள் அடிக்கிறவர்களும் உண்டு. எழுதத் தெரியாத பெண்ணிடம் ஒன்றிலிருந்து ஐந்து வரை மதிப்பெண் கேட்டால் ஐந்து என்பாள், வேலை போய்விடுமே. எந்த ஜீப் நிறைகிறது, எந்த ஜீப் காலியாக நிற்கிறது என்று காலை ஐந்தரைக்குத் தெருமுனையில் நின்று பார்த்தால் போதும். அவர்கள் வாக்கு அங்கேதான் விழுகிறது.

அப்படி ஒரு தோட்டத்துக்காரரின் ஜீப் காலியானது. அவர் கூலியில் இருபது ரூபாய் ஏற்றினார், யாரும் வரவில்லை. டிரைவரை விட்டு விசாரித்தார். “அந்தப் பக்கத்துத் தோட்டத்துல தகரம் வச்சு மறைப்புக் கட்டியிருக்காக. இங்க காலையில இருந்து தண்ணி குடிக்காமக் கெடக்கணும்” என்று பதில் வந்தது. ஐந்து ஹெக்டேரும் பதினைந்து ஆளும் உள்ள தோட்டத்தில் கழிப்பிடம் வேண்டும் என்று 1951-இன் தோட்டத் தொழிலாளர் சட்டம் சொல்லியிருந்தது. அவர் தோட்டத்தை மகன், மருமகள், மச்சினன் பேரில் துண்டு துண்டாக வைத்திருந்ததால் சட்டத்துக்கு அது தோட்டமே அல்ல. கணக்குப் போட்டார். 30 பெண்களுக்கு இருபது ரூபாய் வீதம் மாதம் 26 நாளுக்கு 15,600 ரூபாய். நாலு தகரமும் ஒரு கதவும் அதில் பாதிகூட ஆகாது. கட்டிவிட்டார், ஏற்றிய இருபதையும் மறுவாரமே இறக்கிவிட்டார். பெண்கள் வந்தார்கள். இப்போது அந்தக் கதவில் ஒரு பூட்டுத் தொங்குகிறது, சாவி கணக்குப்பிள்ளையிடம். கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.