செருப்புத் தோலும் செராமிக் தட்டும்

எண்பதுகளில் எங்கள் மதுரை வீட்டுக் கொல்லையில் ஒரே ஒரு அரை அங்குலப் பித்தளைக் குழாய். அது ஒழுகினால் அப்பா பிளம்பரைத் தேடியதில்லை. "எங்கேயிருந்து ஒழுகுதுன்னு முதல்ல பாரும்மா" என்பார். இறுக மூடிய பிறகும் வாயிலிருந்து சொட்டினால் உள்ளே வாஷர் தேய்ந்துவிட்டது. திறந்திருக்கும்போது மட்டும் கைப்பிடித் தண்டைச் சுற்றிக் கசிந்தால் வாஷரின் மேல் பழி இல்லை. மூடியிருக்கையில் தண்ணீர் தண்டு வரை ஏறுவதே கிடையாது. அதற்குத் தண்டைச் சுற்றியுள்ள சிறிய நட்டைக் கால் சுற்று இறுக்கினால் பெரும்பாலும் போதும். கேட்காவிட்டால் அதை மேலே தூக்கி, கிரீஸ் தடவிய பருத்தி நூலைச் சுற்றி மறுபடி இறுக்குவார்.

வாஷர் என்றால் தொட்டி வால்வை மூடி, குழாயைத் திறந்து மிச்சத் தண்ணீரை வடிப்பார். கைப்பிடியைப் பாதி திறந்த நிலையில் விட்டுத்தான் தலைப்பகுதியைக் கழற்றுவார். மூடியபடி கழற்றினால் வாஷர் அடியில் அழுந்தி, மரை இழுபடும். ஒரு ஸ்பேனர் தலைப்பகுதியில், இன்னொன்று குழாயின் உடம்பைப் பிடித்தபடி. அப்படிப் பிடிக்காவிட்டால் சுவருக்குள் இருக்கும் துருப்பிடித்த இரும்புக் குழாயும் சேர்ந்து திரும்பி, மரையோடு முறிந்துபோகும். பிறகு சொட்டு நீருக்காகச் சுவரையே உடைக்க வேண்டியதுதான்.

புது வாஷர் பழைய தோல் செருப்பிலிருந்து வரும். பழையதை அளவு வைத்து வெட்டி, ஆணியால் நடுவில் துளையிட்டு, தண்ணீரில் ஊறவைத்து மாட்டுவார். மாட்டுமுன் குழாய்க்குள் விரலை விட்டு, வாஷர் உட்காரும் பித்தளை விளிம்பைத் தடவிப் பார்ப்பார். அங்கே பள்ளம் விழுந்திருந்தால் எந்த வாஷரும் சில வாரங்கள்தான் தாங்கும். விளிம்பைத் தேய்த்துச் சமன்படுத்த வேண்டும்.

இன்று என் மகள் வீட்டில் இருப்பவை கால் திருப்பில் மூடும் குழாய்கள். உள்ளே வாஷர் இல்லை. ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும் இரண்டு செராமிக் தட்டுகள். இறுக்கி நசுக்க ஏதுமில்லாததால் நெடுநாள் உழைப்பவை, அதை மறுக்க மாட்டேன். ஆனால் போர் தண்ணீரில் வந்த மணல் தட்டைக் கீறிவிட்டால் உள்பாகத்தை முழுசாகத்தான் மாற்ற வேண்டும். சென்ற மாதம் அவள் சமையலறைக் குழாய் சொட்டியது. உள்பாகத்தைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுபோனோம். தண்டின் பல் அளவு எதோடும் பொருந்தவில்லை. "அந்த மாடல் இப்ப வர்றதில்லைம்மா, குழாயையே மாத்திடுங்க" என்றார் கடைக்காரர். நல்ல உடம்போடு இருந்த குழாய் பழைய இரும்புக்குப் போனது.

நொடிக்கு ஒரு சொட்டு என்றால் ஒரு நாளில் நாலு லிட்டருக்கு மேல் வீணாகும். அதை நிறுத்தும் ரப்பர் வாஷர் இன்றும் ஹார்டுவேர் கடையில் ஒரு டீ விலைக்குள் கிடைக்கிறது. உங்கள் வீட்டு மாடியிலோ கொல்லையிலோ பழைய பித்தளைக் குழாய் இருந்தால், பிளம்பர் சொன்னார் என்று தூக்கிப் போடாதீர்கள். முதலில் தலைப்பகுதியைத் திறந்து பாருங்கள்.