சந்தா உயர்த்திய செம்மல்களுக்குச் சாத்திய மாலை

எங்கள் ஊர்ப் பஜனை சபையின் மாட்சிமை தங்கிய செயற்குழுவினர், கார்த்திகை பிறந்த கையோடு, உறுப்பினர் சந்தாவைத் திருத்தியமைத்து ஓர் அறிவிப்பை வெளியிட்டருளியிருக்கிறார்கள். செருப்பு விடும் இடத்துக்கு மேலே, குனிந்து வாரை அவிழ்ப்பவரும் தலை நிமிர்ந்தால் படிக்கும்படி அதை ஒட்டச் செய்த நுண்ணறிவை எப்படிப் போற்றுவது! ஆண்டுச் சந்தா 300 ரூபாயாக இருந்தது, இனி 1,200. ஒரே மூச்சில் நான்கு மடங்கு. ஐம்பதும் நூறுமாக ஏற்றி உறுப்பினர்களை ஆண்டுதோறும் வருந்தச் செய்யும் கொடுமை மற்ற சபைகளுக்கே உரியது. எங்கள் பெருமக்கள் வலியை ஒரே தடவையில் முடித்துவைக்கும் தயாபரர்கள்.

காரணம் சொல்லாமலே உயர்த்தியிருக்கலாம். கேட்க யார் இருக்கிறார்கள்? ஆனாலும் ஏழைகளுக்கு இரங்கி, காரணங்களையும் அறிவிப்பிலேயே விளக்கியிருக்கிறார்கள். அவற்றில் தலையாயது மின்கட்டணம். பஜனைக் கூடத்துக்குக் குளிர்சாதனம் பொருத்திய நாள்முதல் கட்டணம் மலைபோல் ஏறிவிட்டதாம். உண்மைதான். சனிக்கிழமை ஒன்றரை மணி நேரம் நடக்கும் பஜனைக்கு அந்த எந்திரம் ஓடியதை இதுவரை யாரும் கண்டதில்லை. ஜால்ராச் சத்தத்தில் அதன் இரைச்சல் கேட்காது என்பதால் அணைத்தே வைத்திருக்கிறார்கள். முகூர்த்த நாட்களில் கூடத்தைக் கல்யாணத்துக்கு வாடகைக்கு விடும்போது மட்டும் அது விடிய விடிய ஓடுகிறது. அதைக் கண்ணுற்ற மின்வாரியம், வழிபாட்டிடத்துக்கு உரிய குறைந்த கட்டணத்திலிருந்து வணிகக் கட்டணத்துக்கு இணைப்பை மாற்றிவிட்டது. ஆக, கல்யாண வீட்டார் அனுபவித்த குளிர்ச்சிக்கு நாமம் சொல்ல வந்தவர்கள் பணம் கட்டுகிறார்கள். பிறர் சுகத்துக்காகத் தான் வியர்ப்பதல்லவா பக்தி! இதை ஏட்டில் படித்தவர்கள் உண்டு. கட்டண அட்டவணையில் ஏற்றிக் காட்டியவர்கள் எங்கள் செயற்குழுவினர் மட்டுமே.

வாடகையிலும் அவர்கள் காட்டும் நயம் தனி. மத நிறுவனத்தின் கூடத்தை ஒரு நாளைக்கு 10,000 ரூபாயோ அதற்கு மேலோ வாடகைக்கு விட்டால் சரக்கு சேவை வரிவிலக்கு கிடையாது. ஆகவே வாடகை 9,900 ரூபாய் என்று ரசீது போடப்படுகிறது. பிறகு, மணவீட்டார் தாமே உள்ளம் உருகி, ரசீது வேண்டாம் என்ற வைராக்கியத்தோடு, சாவி வாங்கும்போது இன்னும் ஒரு கவரைச் செயலாளர் திருக்கரத்தில் சேர்க்கிறார்கள். அந்தக் கவர் வரவேட்டின் எந்தப் பக்கத்துக்கு எழுந்தருளுகிறது என்று ஆராய்வது பாவம்.

இவ்வளவு நுட்பமாக வரியைத் தவிர்க்கத் தெரிந்தவர்கள், சந்தாவில் அதை மனமுவந்து வரவேற்றிருப்பதே விந்தையிலும் விந்தை. அடிப்படைச் சந்தா 1,017 ரூபாய், அதன் மேல் 18 விழுக்காடு வரி 183 ரூபாய், ஆகமொத்தம் 1,200 என்று அறிவிப்பில் பிரித்தே காட்டியிருக்கிறார்கள். சேவைக்கான ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டாத அமைப்பு நம் மாநிலத்தில் பொதுவாக வரிப்பதிவு செய்ய வேண்டியதில்லை. எங்கள் சபை அந்த எல்லையைக் கனவிலும் கண்டதில்லை. ரசீதில் வரிப்பதிவு எண்ணும் இல்லை. பதிவு செய்யாதவர் வரி என்று சொல்லி வசூலிக்கக் கூடாது என்று சட்டம் ஏதோ முணுமுணுக்கிறது. ஆனால் சட்டம் கேட்காத வரியையும் வசூலித்து, அதைப் பெற்றுக்கொள்ளும் சிரமத்தை அரசுக்குக் கொடுக்காமல் தாமே சுமந்துகொள்கிறார்களே, இந்தத் தேசபக்திக்கு என்ன பட்டம் கொடுப்பது?

ஆயுள் உறுப்பினர்கள் விஷயத்தில்தான் செயற்குழுவின் ஞானம் கொழுந்துவிட்டு எரிகிறது. 1995-இல் 1,000 ரூபாய் கட்டி ஆயுள் உறுப்பினரானவர்கள் எங்கள் சபையில் 400 பேர். அன்று ஆண்டுச் சந்தா 100 ரூபாய். அக்காலத்துச் செயற்குழுவினர், பாவம், கூட்டல் கழித்தல் தெரிந்த எளிய மனிதர்கள். வங்கிகள் வைப்புத்தொகைக்கு 12 விழுக்காடு வரை வட்டி கொடுத்த காலம் அது. 1,000 ரூபாயைத் தொடாமல் வைத்தால் ஆண்டுக்கு 120 ரூபாய் வரும். 100 ரூபாயைச் சந்தாவாக வைத்துக்கொண்டு மீதி 20 ரூபாயை முதலோடு சேர்த்தால், விலைவாசி ஏறினாலும் முதலும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். ஆயுள் சந்தா என்பதே இந்தக் கணக்கின் மேல்தான் நிற்கிறது: முதலைத் தின்னக் கூடாது, வட்டியிலும் ஒரு வாய் மிச்சம் வைக்க வேண்டும்.

பின்னால் வந்த பெருமக்கள் இந்த அற்பக் கஞ்சத்தனத்தைத் துறந்தார்கள். முதலில் மிச்ச வட்டியைச் சேர்ப்பது நின்றது. பிறகு, மேடைக்குக் கருங்கல் பளபளப்புப் பலகை பதித்த ஆண்டில், நான்கு லட்சம் ரூபாய் வைப்புத்தொகையே முதிர்வுக்கு முன்னால் உடைக்கப்பட்டது. இன்று வட்டி 7 விழுக்காடு என்றே வைத்துக்கொள்வோம். அந்த முதல் இருந்திருந்தாலாவது ஆளுக்கு 70 ரூபாய் வந்திருக்கும். இப்போது பளபளப்பில் முகம் பார்த்துக்கொள்ளலாம். இதைச் சரிசெய்ய, ஆயுள் உறுப்பினர்கள் ஒவ்வொருவரும் மேம்பாட்டுத் தொகையாக 5,000 ரூபாய் கட்ட வேண்டுமென்றும், கட்டாதவர்கள் ‘ஆதரவாளர்’ என்ற உயர்ந்த நிலைக்கு மாற்றப்படுவார்கள் என்றும் ஆணை பிறந்திருக்கிறது. முப்பது ஆண்டுக்கு மேல் உயிரோடு இருந்து சபைக்கு நஷ்டம் விளைவித்தவர்களுக்கு இதைவிட மென்மையான தண்டனை உண்டா?

இனி, ஓய்வுபெற்றோர் சலுகை. இதைப் படித்தபோது எனக்கு நா தழுதழுத்தது. அறுபது வயது நிறைந்து பணி ஓய்வு பெற்றவர்களுக்குச் சந்தாவில் சரிபாதி தள்ளுபடி; 600 ரூபாய் போதும். அரசாங்கமே ரயிலில் மூத்தோர் சலுகையை 2020-இல் நிறுத்திவிட்ட காலத்தில், ஒரு பஜனை சபை பாதியை விட்டுக்கொடுக்கிறது! அடியில் சிறிய எழுத்தில் நான்கைந்து வரிகள் இருக்கின்றன. முதியவர்களின் கண்ணை வருத்தக் கூடாதென்று அவற்றை அவ்வளவு சிறிதாக அச்சிட்டிருக்கிறார்கள்.

எங்கள் தெருவில் பஞ்சாலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர் இருக்கிறார். மார்கழி விடியலில் மிருதங்கம் வாசிப்பவர். அவருக்கு வருவது தொழிலாளர் வைப்பு நிதி ஓய்வூதியம். 2014-இல் அதற்கு நிர்ணயித்த குறைந்தபட்சத் தொகை மாதம் 1,000 ரூபாய். அந்தக் குறைந்தபட்சமே இவருக்கு வாய்த்தது. இவர் சலுகை பெறப் போன கதையைக் கேளுங்கள். ஐந்து ஆண்டுச் சந்தாவை ஒரே தவணையில் முன்கூட்டிக் கட்டினால்தான் சலுகை. அதாவது 3,000 ரூபாய். சான்றுகளைச் சரிபார்க்க 100. கும்பாபிஷேக விருப்ப நன்கொடை 500, விருப்பம் செயற்குழுவினுடையது. ஆக 3,600 ரூபாய், அவருடைய மூன்றரை மாத ஓய்வூதியத்துக்கும் சற்று மேல். சலுகையே வேண்டாமென்று ஓராண்டு முழுச் சந்தா கட்டினால் 1,200-தான். சலுகை பெறாதவனைவிடச் சலுகை பெற்றவன் மும்மடங்கு கட்டும் பாக்கியத்தை எந்த வள்ளல் எந்தக் காலத்தில் வழங்கியிருக்கிறான்?

இடையில் அவர் காலமாகிவிட்டால் மிச்சப் பணம் திரும்ப வராது. மனைவி பெயருக்கும் மாறாது. இறைவனடி சேர்ந்தவர் பஜனைக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை என்பது அவர்களுக்கும் தெரியும். கொடுத்ததைத் திருப்பிக் கேட்க மாட்டார் என்பது அதைவிட நன்றாகத் தெரியும். அது கிடக்கட்டும். ஓய்வு பெற்றதற்கு நிறுவனத்தின் ஆணை வேண்டும் என்பதால் தையல்காரர், பூக்கடைக்காரர், சமையல்காரர் யாரும் ஓய்வுபெற்றவராக மாட்டார்கள். எழுபத்தைந்து வயதில் ஊசியில் நூல் கோக்க முடியாமல் உட்கார்ந்திருப்பவரைச் சபை இன்னும் உழைக்கும் இளைஞராகவே மதிக்கிறது.

கடைசி வரிதான் மணிமுடி. சலுகை பெறுவோர் ‘கௌரவ உறுப்பினர்’ எனப்படுவர். அவர்களுக்கு வாக்குரிமையின் பாரம் இராது. ‘ஆதரவாளர்’களுக்கும் அப்படியே. சங்கப் பதிவுச் சட்டத்தின்படி ஒரு செயற்குழுவின் காலம் மூன்றாண்டுக்கு மேல் போகக் கூடாது. எங்கள் செம்மல்களின் மூன்றாண்டு இந்த மார்கழி முதல் ஞாயிறன்று நிறைவடைகிறது. அன்றுதான் பொதுக்குழு, அன்றுதான் தேர்தல். சந்தா உயர்வும் தேர்தலும் அடுத்தடுத்த மாதங்களில் அமைந்தது தற்செயலே என்று செயலாளர் திருவாய் மலர்ந்திருக்கிறார். அறிவிப்புக்கு முன்னால் வாக்காளர் பட்டியலில் 640 பேர். புதிய தொகையைக் கட்டி, சலுகை கேட்காமல், வாக்கைக் காப்பாற்றிக்கொண்டவர்கள் நேற்று மாலை வரை 43 பேர். அவர்களில் செயற்குழுவினர், அவர்களுடைய மைத்துனர்கள், சம்பந்திகள், கடைப் பணியாளர்கள் போக எஞ்சுபவரை ஒரு கையால் எண்ணிவிடலாம். நாட்டில் தேர்தலில் கூட்டம் சேர்ப்பவர்களைப் பார்த்திருக்கிறோம். கூட்டத்தைக் கலைத்தே வெல்லும் சாத்வீகம் இதுதான்.

சில விஷமிகள் மட்டும் விதி பேசுகிறார்கள். சந்தாத் தொகை சபையின் துணைவிதியிலேயே எழுதப்பட்டிருக்கிறதாம். துணைவிதியை மாற்றச் சிறப்புத் தீர்மானம் வேண்டுமாம். அதற்கு எங்கள் விதிப்படி 21 நாள் முன்னறிவிப்பும், கூட்டத்துக்கு வந்து வாக்களிப்பவர்களில் நான்கில் மூன்று பங்கினர் ஆதரவும் வேண்டுமாம். நிறைவேறிய பிறகு மாவட்டப் பதிவாளரிடம் பதிவாக வேண்டுமாம். செயற்குழு இவ்வளவையும் ஒரு மாலை நேரத்தில், காபிக்கும் வெங்காய பஜ்ஜிக்கும் நடுவே முடித்துவிட்டதைப் பாராட்டும் பண்பு இவர்களிடம் இல்லை. பொதுக்குழுவில் ‘பின்னேற்பு’ வாங்கிக்கொள்ளலாம் என்கிறார் தலைவர். பொதுக்குழுவில் இருக்கப்போவது அந்த 43 பேர்தானே. நான்கில் மூன்று பங்கு எங்கே போய்விடும்?

மிருதங்கப் பெரியவர் இதையெல்லாம் கேட்டுவிட்டு, வைப்புத்தொகை உடைத்த ஆண்டின் வரவுசெலவைப் பார்க்க வேண்டுமென்று எழுதிக் கொடுத்தார். பொருளாளர் கைகூப்பி எழுந்து, “அண்ணாச்சி, நீங்க வந்ததே சபைக்குப் பெருமை” என்று நாற்காலி போட்டு உட்காரவைத்தார். கணக்கை உறுப்பினர்கள் தாராளமாகப் பார்க்கலாம், விதியே அப்படித்தான் என்றார். ஆனால் புதிய சந்தா கட்டாதவர் இப்போதைக்கு உறுப்பினரல்லவே என்று கண் கலங்கினார். பெரியவர் வேட்டி மடிப்பிலிருந்து 1,200 ரூபாயை எடுத்து மேசைமேல் வைத்தார். பொருளாளர் அதைத் தொடவில்லை. ரசீதுப் புத்தகம் நேற்றே தீர்ந்துவிட்டதென்றும், புதியது அச்சகத்தில் இருக்கிறதென்றும், மார்கழி முதல் திங்கட்கிழமை கட்டாயம் வந்துவிடுமென்றும் சொல்லி, வாசல் வரை கூடவே வந்து வழியனுப்பினார்.